சங்கத்தின் பெயரை மாற்றக் கோரி செயற்குழுவுக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

எங்கள் ஊர் தபால்தலை சேகரிப்போர் சங்கத்துக்கு இப்போது வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது நாணயமும் பழைய ரூபாய் நோட்டும்தான். பெயரைப் பார்த்துவிட்டு, நமக்கு இங்கே இடமில்லை என்று ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. அதனால் பெயர் மாற்றம் கேட்டு எழுதினேன். எழுதிய முறை இது.

1. யாரிடம் எதைக் கேட்பது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான சங்கம் என்றால், செயற்குழு நினைத்தாலும் தானாகப் பெயரை மாற்ற முடியாது. 21 நாள் முன்னறிவிப்புடன் பொதுக்குழு கூடி, வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும். அப்புறம் பதிவாளர் ஏற்க வேண்டும். ஆகவே "பெயரை மாற்றுங்கள்" என்று எழுதாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்; அது அவர்கள் கையில் இருக்கிறது.

2. எழுதுவது

> பொருள்: பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் பெயர் மாற்றத் தீர்மானம் சேர்க்க வேண்டுகோள்
>
> மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா, வணக்கம்.
>
> நம் சங்கத்தின் பெயரைத் "தபால்தலை, நாணயம் சேகரிப்போர் சங்கம்" என மாற்றலாம் என்பது என் யோசனை. மாதக் கூட்டங்களில் நாணயப் பரிமாற்றமும் வழக்கமாக நடக்கிறது. பெயரில் அது இல்லாததால் புதியவர்கள் தயங்குகிறார்கள். "தபால்தலை" முதலிலேயே நிற்பதால் மூத்த உறுப்பினர்களுக்கும் குறையிருக்காது.
>
> மாற்றுப் பெயர்கள்: "சேகரிப்போர் சங்கம்" (சுருக்கமானது, ஆனால் எதைச் சேகரிக்கிறோம் என்று தெரியாது), "தபால்தலை மற்றும் பழம்பொருள் சங்கம்" (விரிவானது, ஆனால் பழம்பொருள் வியாபாரம் என்று நினைக்கக்கூடும்).

காரணம் இரண்டு போதும். பத்து எழுதினால் இருப்பதில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் விவாதம் நடக்கும்.

3. மாற்றுப் பெயர்கள் எதற்கு

ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரோடு மிகவும் ஒத்துப்போனால் பதிவாளர் ஏற்கமாட்டார். அதற்காகத்தான் கையில் இரண்டு உபரிப் பெயர்கள். ஆனால் அவை செயற்குழுவோடு நிற்க வேண்டும். மூன்று பெயர்களையும் பொதுக்குழு முன்னால் வைத்தால் வாக்கு சிதறி, எந்தப் பெயருக்கும் நான்கில் மூன்று பங்கு கிடைக்காது. பெயர் கிடைக்குமா என்று பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, செயற்குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒரே பெயரை அறிவிப்பில் எழுத்துப் பிசகாமல் அச்சிட வேண்டும். கூட்டத்தில் யாராவது "இன்னொரு சொல்லைச் சேர்க்கலாமே" என்றால், அறிவிப்பில் இல்லாத பெயருக்குத் தீர்மானம் போடுவது பின்னால் சிக்கல். இதை மின்னஞ்சலின் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

4. அனுப்புவது

செயலாளருக்கு அனுப்பி, தலைவருக்கு நகல் வையுங்கள். பிடிஎஃப் இணைப்பு எனக்குப் பிடிக்காது. போனில் யாரும் திறப்பதில்லை. யூனிகோடில் நேரே தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் அங்கே வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

பிற்சேர்க்கை: வங்கிக் கணக்கு என்னாகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெயர் மாறினாலும் சங்கம் அதேதான். பாக்கி, வழக்கு எல்லாம் தொடரும். ஆனால் பதிவாளரின் சான்று கைக்கு வரும்வரை ரசீதுப் புத்தகம், முத்திரை எதையும் புதுப் பெயரில் அடிக்காதீர்கள். சான்று வந்ததும் முதலில் பான் அட்டை, பிறகு வங்கி.