பிரஷர் கேஜ் எட்டு காட்டும்போது சேஃப்டி வால்வு அடித்தால்: ரைஸ் மில் பாய்லரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்குன்றம் பக்கம் ஒரு புழுங்கல் ரைஸ் மில். உமியில் எரியும் பாய்லர், சான்றிதழில் போட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10.5 கிலோ. இரண்டு சேஃப்டி வால்வு. ஒன்று 10 கிலோவில் திறக்கும், மற்றது 10.5-ல். நைட் ஷிஃப்டில் இரண்டு மணி தாண்டி ஒரு வால்வு சத்தமாக அடித்தது. பாய்லர் மேலிருக்கும் பிரஷர் கேஜில் முள் 8.2-ல் நின்றது.

உதவியாளர் உடனே கேட்டது இதுதான்: "வால்வு வீக் ஆயிடுச்சுண்ணே, ரெண்டு சுத்து டைட் வெச்சுடலாமா?"

இந்தக் கேள்வி எந்த மில்லிலும் வரும். எட்டு கிலோவிலேயே ஆவி வெளியே போனால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வால்வும் கேஜும் வேறு வேறு சொல்லும்போது, பழி முதலில் வால்வு மேல் விழக் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்து சீக்கிரம் திறப்பது நடக்காத விஷயமில்லை. ஆனால் அதனால் வரும் நஷ்டம் கொஞ்சம் ஆவியும் உமியும்தான். கேஜ் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது வால்வையும் இறுக்கிவிட்டால், அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல ஆளே இல்லை. வால்வின் செட்டிங் பாய்லர் ஆய்வாளர் முன்னால் ஆவி ஏற்றிப் பார்த்து வைத்தது. நடுராத்திரி ஸ்பானரால் தொட அதில் ஒன்றுமில்லை.

அப்போ கேஜ் பொய் சொல்கிறதா என்று அங்கேயே எப்படிக் கண்டுபிடிப்பது? முள்ளின் எண்ணைவிட அதன் அசைவைப் பாருங்கள். வால்வு திறந்து ஆவி கொட்டும்போது அழுத்தம் இறங்கியாக வேண்டும். முள்ளும் மெல்ல இறங்க வேண்டும். டிரையருக்கு ஆவி திறந்தால் கொஞ்சம் சரிய வேண்டும். இந்த மில்லில் வால்வு அடித்துக்கொண்டே இருந்தது, முள் 8.2-ஐ விட்டு நகரவில்லை. ஆபரேட்டர் அண்ணன் அனுபவஸ்தர். ஸ்பானரை எடுக்கவில்லை, நேராக பாய்லரிலிருந்து ஆவி வந்து பிரிந்து போகும் ஹெட்டர் குழாயில் இருக்கும் இரண்டாவது கேஜைப் போய்ப் பார்த்தார். அது 10.1. வால்வு சரியான இடத்தில்தான் திறந்திருக்கிறது.

(கேஜுகளை ஒப்பிடும்போது ஒரு சின்ன விஷயம். பாய்லரின் உச்சியிலிருந்து குழாய் இறக்கி, கீழே ஆள் நிற்கும் உயரத்தில் கேஜ் மாட்டியிருந்தால், குழாயில் நிற்கும் தண்ணீரின் எடையும் சேரும். மூன்று மீட்டர் இறக்கத்துக்கு 0.3 கிலோ கூடுதலாகக் காட்டும். அந்த அளவு வித்தியாசம் கோளாறு இல்லை. இரண்டு கிலோ வித்தியாசம் கோளாறு.)

அழுத்தம் ஏன் ஏறியது? டிரையரில் ஒரு பேட்ச் முடிந்து ஆவி வால்வை மூடியிருக்கிறார்கள். ஆவி எடுப்பது பாதியாகக் குறைந்தது, உமி மட்டும் அதே வேகத்தில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கேஜ் வேலை செய்திருந்தால் முள் ஒன்பதைத் தாண்டும்போதே உமியைக் குறைத்திருப்பார்கள்.

அடுத்து நிறுத்துவது. பதற்றத்தில் மூன்று தப்பு இங்கே நடக்கும். மெயின் ஸ்டாப் வால்வைப் படக்கென்று மூடுவது ஒன்று: போகிற ஆவிக்கும் வழி அடைபட்டு அழுத்தம் இன்னும் ஏறும். புளோடவுன் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கப் பார்ப்பது இன்னொன்று: போவது தண்ணீர், நெருப்பு அப்படியே இருக்கும், மட்டம் இறங்கி டியூப் வெறுமையாகக் காய ஆரம்பிக்கும். அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது மூன்றாவது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் இருக்கும் இரும்பும் செங்கல்லும் வெடிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும்.

இங்கே செய்தது வேறு. முதலில் உமி ஃபீடரை நிறுத்தி, அடுப்புக்குக் காற்று ஊதும் எஃப்.டி. ஃபேனை ஆஃப் செய்தார்கள். புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேனைக் குறைந்த அளவில் ஓடவிட்டார்கள், புகை உள்ளே தேங்கக் கூடாது என்று. உமி மெத்தை கனன்றுகொண்டேதான் இருக்கும், அழுத்தம் உடனே விழாது. அதனால் நெல் ஊறல் தொட்டிக்கு ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள்.

கூடவே வாட்டர் கேஜ் கிளாஸ் சோதனை. வடிகால் குழாயைத் திறந்து, தண்ணீர்ப் பக்கத்துக் காக் வால்வை மூடினால் ஆவி வர வேண்டும். அதைத் திறந்து ஆவிப் பக்கத்தை மூடினால் தண்ணீர் வர வேண்டும். பிறகு இரண்டையும் திறந்து வடிகாலை மூடினால் தண்ணீர் சட்டென்று பழைய மட்டத்துக்கு ஏற வேண்டும். அரைக் கண்ணாடிக்கு ஏறியது, அதனால் ஃபீட் பம்ப் ஓடலாம். கண்ணாடியில் தண்ணீரே தெரியாமல் இருந்திருந்தால் கதை வேறு: பம்பைப் போடவே கூடாது, காய்ந்து சிவந்த டியூபில் தண்ணீர் பட்டால் அதுதான் பெரிய விபத்து.

ஹெட்டர் கேஜ் 9.5-க்கு வந்ததும் வால்வு தானாக உட்கார்ந்தது. செட் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே வந்துதான் அது மூடும். சரியாகப் பத்தில் மூடவில்லையே என்று சந்தேகப்பட வேண்டாம்.

இனி ரிப்போர்ட். லாக் புக்கில் "சேஃப்டி வால்வு லீக், பாய்லர் நிறுத்தம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது பழகிய வழக்கம். காலையில் வரும் மெக்கானிக் அதைப் படித்துவிட்டு வால்வைக் கழற்றுவார், கேஜை யாரும் பார்க்க மாட்டார்கள். லீக் என்பது மூடியிருக்கும் வால்வு கசிவது. அடித்தது என்பது திறந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது. அந்த ஆபரேட்டர் எழுதியது இப்படி:

"2.10: பாய்லர் கேஜ் 8.2, ஹெட்டர் கேஜ் 10.1. முதல் சேஃப்டி வால்வு திறந்தது, இரண்டாவது திறக்கவில்லை. டிரையர் ஆவி மூடியிருந்தது. 2.12: உமி, எஃப்.டி. ஃபேன் நிறுத்தம். தண்ணீர் அரைக் கண்ணாடி, சோதித்தது. 2.25: ஹெட்டர் 9.5, வால்வு மூடியது, கசிவு இல்லை. பாய்லர் கேஜ் 8.2. 3.10: ஹெட்டர் 6, பாய்லர் கேஜ் 8.2. வால்வில் கை வைக்கவில்லை."

கடைசிக்கு முந்தின வரியைப் பாருங்கள். பாய்லரில் ஆறு கிலோ இருக்கும்போதும் கேஜ் 8.2. ஃபோனில் இதைப் படித்துக் காட்டினாலே போதும், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தேடிய இடம் கேஜுக்குக் கீழே இருக்கும் வளைந்த சைஃபன் குழாய். அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். சூடான ஆவி நேராகக் கேஜின் உள்குழாயில் பட்டால் அது கெட்டுவிடும். அழுத்தம் நன்றாக இறங்கிய பிறகு மூன்று வழிக் காக் வால்வை வெளிப்பக்கம் திருப்பினார்கள். முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. ஆனால் பாய்லர் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. கழற்றினால், பாய்லரோடு சேரும் வாயில் வெள்ளையும் பழுப்புமாக உப்புப் படிவம் கட்டியாக அடைத்திருந்தது. போர் தண்ணீரை மென்மையாக்காமல் ஏற்றியதன் பலன். அடைப்புக்குப் பின்னால் சிக்கிய அழுத்தம்தான் முள்ளை 8.2-ல் பிடித்து வைத்திருந்தது.

கேஜை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவது கடைசித் தவறு. புதுக் கேஜும் அதே அடைப்புக்கு மேல்தான் உட்காரும். குழாயைச் சுத்தம் செய்து, சைஃபனில் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் காக் வால்வைத் திறக்க வேண்டும். அப்புறம் ஆவி ஏற்றும்போது 2, 4, 6, 8 கிலோவில் இரண்டு கேஜையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். சேஃப்டி வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பார்ப்பதானால் செட் அழுத்தத்தின் முக்கால் பங்காவது ஏறியிருக்க வேண்டும், இங்கே 7.5 கிலோ. அதற்குக் கீழே தூக்கினால் சீட்டில் இருக்கும் தூசியை அடித்துத் தள்ள ஆவிக்கு வலு போதாது. அப்போதுதான் வால்வு நிஜமாகவே லீக் ஆக ஆரம்பிக்கும்.