கடன் இருவர் தலையில், வீடு ஒருவர் பெயரில்

வீட்டுக் கடனுக்குக் கணவரின் சம்பளம் மட்டும் போதவில்லை என்றால், மனைவியையும் கோ-அப்ளிகன்ட்டாகச் சேர்க்கச் சொல்வார்கள். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் தனக்கும் பாதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்து கடனைத்தான் தரும். வீடு யாருடையது என்பதைக் கிரயப் பத்திரம்தான் சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவர் தன் பெயரில் வாங்கிய வீட்டின் மதிப்பு 60 லட்சம், கடன் பாக்கி 30 லட்சம். உயில் எழுதாமல் அவர் இறந்துவிடுகிறார். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு. மனைவிக்குக் கால் பங்கு, அதாவது 15 லட்சம். ஆனால் 30 லட்சம் பாக்கி முழுவதையும் வங்கி அவரிடமே கேட்கலாம். பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதியும் வேண்டும். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களில் பங்கு விகிதம் வேறு.

கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்யலாம். தமிழ்நாட்டில் மனைவிக்கு ஒரு பங்கை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதத்தை முதலில் வாங்க வேண்டும். அது அமையாவிட்டால் உயில். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. கடனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, அது யார் உயிருக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதையும் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். வங்கியில் வாய்வார்த்தையாக "இருக்கு மேடம்" என்று சொன்னதை நம்பிவிடக் கூடாது.

மாதாமாதம் இஎம்ஐக்கான பங்கைக் கணவர் கையில் ரொக்கமாகக் கொடுப்பது இன்னொரு தவறு. அதற்குத் தடயமே இருக்காது. உங்கள் கணக்கிலிருந்தே கடன் கணக்குக்குச் செலுத்துங்கள். அது மட்டுமே உங்களை உரிமையாளர் ஆக்கிவிடாது. ஆனால் நாளை தகராறு வந்தால் காட்டுவதற்கு ஒரு சான்று இருக்கும்.

அப்புறம், சேமிப்பு. கணவர் பெயரில் உள்ள எஃப்டிக்கு நீங்கள் நாமினி என்றால் வங்கி உங்களிடம் பணத்தைத் தரும். மற்ற வாரிசுகள் தங்கள் பங்கைக் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே நாமினேஷனோடு உயிலும் ஒத்துப்போக வேண்டும். பிஎஃப்பில் கல்யாணத்துக்கு முன்பு அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தால், கல்யாணத்துக்குப் பிறகு அது செல்லாது. புதிதாகப் பதிய வேண்டும். கணவரின் இபிஎஃப்ஓ கணக்கில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்தே பார்த்துவிடலாம்.