நைட்டி திரும்பி வந்தால் நட்டம் எங்கே வருகிறது?

போன மாதம் பவானியிலிருந்து ஒரு தங்கச்சி கணக்கு நோட்டோடு வீட்டுக்கு வந்திருந்தாள். ஈரோடு ஜவுளிச் சந்தையில் துணி எடுத்து, வீட்டிலேயே காட்டன் நைட்டி தைத்து ஆன்லைனில் விற்கிறாள். ஆர்டர் நன்றாகவே போகிறது, ஆனால் அடுத்த லாட் துணி எடுக்கக் கையில் காசில்லை. நோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே கணக்கு. அதில் நாம் செய்கிற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ரிட்டர்னை 'விற்காத சரக்கு' என்று எழுதுவது

அவள் கணக்கு இது. விற்கும் விலை 499 ரூபாய். துணி, நூல், தையல் கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 260. கவர், லேபிள் 12. விற்கிற ஆன்லைன் தளத்துக்குக் கமிஷன் 15 சதவீதம், அதாவது 75. அனுப்பும் செலவு 65. இந்தக் கமிஷனுக்கும் அனுப்பும் செலவுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, 25 ரூபாய். அவள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பதால் அந்த 25-ஐக் கழித்துக்கொள்ள வழியில்லை, அதுவும் செலவுதான். எல்லாம் போக 62 ரூபாய் நிற்கிறது. இதுவரை சரி.

நூறு அனுப்பினால் இருபது திரும்பி வருகிறது என்றாள். "அப்போ எண்பது பீஸுக்கு லாபம், 4,960 ரூபாய். திரும்பி வந்தா துணி நம்மகிட்டயேதானுங்க்கா இருக்குது, நட்டம் எங்க வருது?"

இந்தக் கேள்விதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலைக் கிளப்புகிறது, ஏனென்றால் நானும் ஒரு வருடம் முழுக்க இதை நம்பி இருந்தேன். துணி திரும்பி வரும், அது போய்வந்த செலவு வராது. அவளுடைய பேமென்ட் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, திரும்பி வந்த ஒரு ஆர்டரை மட்டும் எடுத்துப் பார்த்தோம். கமிஷனைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். போன கட்டணம் 65 பிடித்தது பிடித்ததுதான். வந்த கட்டணம் 80. இரண்டுக்கும் வரி 26. கிழிந்த கவர் 12. ஆக ஒரு ரிட்டர்னுக்கு 183 ரூபாய். மூன்று பீஸ் விற்றால் கிடைக்கும் லாபம் 186. ஒன்று திரும்பினால் மூன்று பீஸின் உழைப்பு போச்சு.

இருபதுக்கு 3,660 ரூபாய். அந்த இருபதில் ஐந்து புதுசாக விற்கிற நிலையில் இல்லை. ஒன்றில் கழுத்தோரம் பவுடர் கறை, ஒன்றைத் துவைத்தே அனுப்பியிருந்தார்கள். அந்த ஐந்தையும் அக்கம்பக்கத்தில் நூறு நூறு ரூபாய்க்குத் தள்ளினாள், அதில் 800 நட்டம். 4,960-இல் 4,460 போனால் மிச்சம் 500. நூறு நைட்டி தைத்து, மடித்து, அனுப்பியதற்கு ஐந்நூறு ரூபாய்!

இந்தச் சுமையை விலையில் ஏற்றும்போதும் ஒரு இடத்தில் வழுக்கும். 4,460-ஐ நூறால் வகுக்கக் கூடாது. திரும்பிய இருபதும் காசு தராது. வாங்கியவர் வைத்துக்கொண்ட எண்பதுதான் தரும். எண்பதால் வகுத்தால் பீஸுக்கு 56 ரூபாய் வருகிறது. அதற்காக விலையை 56 மட்டும் ஏற்றினாலும் பற்றாது, ஏற்றியதிலும் கமிஷனும் வரியும் போகும். 70 ஏற்றினால் கைக்கு வருவது 57, 58-தான். ஆகவே 569 வைத்தால்தான் அவள் நினைத்த அறுபது சொச்சம் நிஜமாக நிற்கும்.

569-க்குப் போகாது என்று பயந்தாள், நியாயம்தான். அப்படியானால் ரிட்டர்னைக் குறைக்க வேண்டும். காரணங்களைப் புரட்டினோம், பாதிக்கு மேல் 'அளவு சரியில்லை'. 'எக்ஸ்எல்' என்று மட்டும் போட்டிருந்தாள். நைட்டியைத் தரையில் விரித்து, மார்புச் சுற்றளவும் உயரமும் தெரிகிற மாதிரி இஞ்ச் டேப் வைத்துப் படம் எடுத்துப் போடச் சொன்னேன்.

பெட்டியில் அனுப்புவது

எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், இடத்தையும் அளப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வது பல கூரியர்களின் வழக்கம். 350 கிராம் நைட்டியை 30 × 25 × 10 பெட்டியில் வைத்தால் ஒன்றரைக் கிலோ. அதையே தட்டையாக மடித்து 3 சென்டிமீட்டர் கனத்தில் கவரில் போட்டால் அரைக் கிலோவுக்குள் அடங்கும்.

தன் கூலியை எழுதாமல் விடுவது

வெளியே தைக்கக் கொடுத்தால் என்ன கேட்பார்களோ, அதை எழுதுங்கள்.

பேங்கில் விழுந்த பணத்தை லாபம் என்பது

ரிட்டர்ன் கெடு முடியாத ஆர்டரின் பணம் இன்னும் உங்களுடையது இல்லை.

ஆஃபர் நாளில் கண்ணை மூடிக்கொண்டு சேர்வது

499-இல் 10 சதவீதம் தள்ளினால் 50 ரூபாய். கமிஷனும் வரியும் குறைவதில் 9 மிச்சமாகும், கையிலிருந்து 41 போகும். பவானித் தங்கச்சிக்கு ரிட்டர்ன் போக பீஸுக்கு நின்றதே 6 ரூபாய்தான். அடுத்த ஆஃபருக்கு 'சேர்' பட்டனை அழுத்தப் போனவளை, "பொறு கண்ணு, முதல்ல ரிட்டர்ன் எண்ணிக்கை குறையுதான்னு ரெண்டு மாசம் பார்க்கலாம்" என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.