ஒரு மாதம் வீட்டைப் பூட்டுவதற்கு முன்

கடலூர் வீட்டை ஒரு மாதம் பூட்டிவிட்டு வந்தபோது கதவைத் திறந்ததுமே சாக்கடை நாற்றம், ஃப்ரிட்ஜுக்குள் கறுப்புப் பூஞ்சை. இரண்டுக்கும் வழி எளிது.

பாத்ரூம் ஜாலிக்கு அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. புழங்காவிட்டால் அது வற்றிப்போய் நாற்றமும் கரப்பானும் மேலே ஏறும். இப்போது முதலில் தொட்டி வால்வை மூடிவிட்டு, பைப்பில் நிற்பதை வடித்து, குழாய்களைத் திருகி மூடுகிறேன். பிறகு ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்பு தண்ணீர், அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய். எண்ணெய் படர்ந்து மூடுவதால் தண்ணீர் மெதுவாகத்தான் வற்றும்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே காலி செய்து அணைத்துவிட வேண்டும். மிச்ச மாவு, பால், காய் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. ஐஸ் உருகியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் துடைத்து, பின்பக்கத் தட்டில் தேங்கியதையும் கொட்டுங்கள். கதவை மூடாமல் இடுக்கில் மடித்த துண்டு வையுங்கள். மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நகையும் பத்திரமும் பேங்க் லாக்கருக்கு.

மெயினை அணைக்கும் முன் இன்வெர்ட்டரை அணையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதாக எடுத்துக்கொண்டு அது பேட்டரியில் ஓடும். திரும்பி வரும்போது பேட்டரி முழுக்க இறங்கியிருக்கும்.