சர்ப்ரைஸ் விழாவுக்கு வருகிறேன், ஆனால் என் படத்தை நெட்டில் போட வேண்டாம்: இதைச் சொல்வது எப்படி?

ஒருவருக்குத் தெரியாமல் பிறந்தநாள் விழாவோ வழியனுப்பு விழாவோ ஏற்பாடு ஆகிறது. உங்களையும் அழைத்திருக்கிறார்கள். போக ஆசைதான். ஆனால் அன்று இரவே உங்கள் முகம் பத்துப் பேருடைய ஸ்டேட்டஸில் ஏறிவிடும் என்பதுதான் தயக்கம். யாரும் முகம் சுளிக்காமல் இதை எப்படிச் சொல்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எது வேண்டாம் என்று முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள்

படம் எடுப்பது வேறு, அதை நெட்டில் போடுவது வேறு. பெரும்பாலானோருக்கு இரண்டாவதுதான் பிரச்சினை. ஆனால் வாயைத் திறக்கும்போது "எனக்கு போட்டோவே வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் காதில் அது "உங்களோடு நிற்க எனக்கு விருப்பமில்லை" என்று விழுகிறது. மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது. "எடுத்துக்கலாம், வெளியில போட வேண்டாம்" என்பது உங்கள் நிலை என்றால் அதையே சொல்லுங்கள். எடுப்பதே வேண்டாம் என்றால் அதுவும் உங்கள் உரிமைதான். ஆனால் அதற்கு முன்னேற்பாடு கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

படி 2: ஏற்பாடு செய்பவரிடம் முன்பே, தனியாகச் சொல்லுங்கள்

சாதாரண விழாவில் விழா நாயகரிடமே பேசிவிடலாம். சர்ப்ரைஸ் விழாவில் அது முடியாது, அவருக்குத்தான் எதுவும் தெரியாதே. அதனால் பேச வேண்டியது ஏற்பாட்டாளரிடம், அதுவும் ஓரிரு நாள் முன்பாக. ஏற்பாட்டுக்கென்று தொடங்கிய குரூப்பில் போடாதீர்கள். அங்கே ஒருவர் "ஏன்?" என்பார், இன்னொருவர் கேலி செய்வார், உங்கள் சின்ன விருப்பம் பெரிய விவாதமாகிவிடும்.

ஒரு உதாரணம். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் வேறு ஊருக்கு மாறிப் போகிறார். நீங்கள் அக்கா என்று அழைக்கும் ஒருவர்தான் எல்லாவற்றையும் முன்நின்று செய்கிறார். அவருக்கு இப்படி அனுப்பலாம்:

"அக்கா, கண்டிப்பா வர்றேன். ஒரே ஒரு விஷயம். நான் என் முகத்தை ஸ்டேட்டஸ்லயோ இன்ஸ்டாவுலயோ போடுறது இல்லை. அவர் உள்ள வர்ற வீடியோவை நானே எடுக்கிறேன், எனக்கும் வசதியா இருக்கும். குரூப் போட்டோவுல நிக்கிறேன், அது நமக்குள்ள இருந்தா போதும்."

இதில் முதல் சொல்லே வருகிறேன் என்பது, அதனால் அவருக்குப் பதற்றம் இல்லை. "இன்னைக்கு நான் நல்லா இல்ல" என்பது போன்ற சாக்கும் இல்லை. தோற்றத்தைக் காரணம் காட்டினால் உடனே "யாரு சொன்னது, அழகாத்தான் இருக்கீங்க" என்று சமாதானம் தொடங்கும். மறுக்க மறுக்க அது நீளும். "நான் போடுறது இல்லை" என்பது உங்கள் வழக்கம், அதற்குச் சமாதானம் சொல்ல யாருக்கும் இடமில்லை. ஆனால் மறுநாளே நீங்கள் ஒரு செல்ஃபியைப் போட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். அப்படிப் போடும் வழக்கம் உள்ளவர் என்றால், "என் படத்தை நானே போட்டா மட்டும்தான் எனக்குச் சரிவரும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

படி 3: அந்த இடத்தில் எங்கே நிற்பது?

ஆர்வத்தில் ஆட்கள் மறந்துவிடுவார்கள். சொல்லி வைத்ததை நீங்கள் நிற்கும் இடமும் காப்பாற்ற வேண்டும்.

கதவு திறக்கும் அந்த நொடியில் எல்லார் கையிலும் போன் இருக்கும், சிலர் லைவிலேயே இருப்பார்கள். லைவில் போவதைத் திரும்ப வாங்க முடியாது. அந்த நேரத்தில் கேமராவுக்குப் பின்னால் இருப்பதுதான் நல்லது. வீடியோ எடுக்கும் வேலையை நீங்கள் கேட்டு வாங்குவதும் இதற்காகத்தான். எடுப்பவரை யாரும் "இங்க வா, நில்லு" என்று இழுப்பதில்லை. எதிரில் கண்ணாடியோ இருட்டிய ஜன்னலோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பின்னால் நிற்பவரும் விழுவார்.

குரூப் போட்டோ என்றால் ஓரத்தில் நில்லுங்கள், நடுவில் வேண்டாம். ஓரத்தில் இருப்பவரை வெட்டிவிட்டுப் படத்தைப் போடலாம். நடுவில் இருப்பவரை வெட்டினால் படமே கெட்டுவிடும், அதனால் யாரும் வெட்ட மாட்டார்கள். இன்னும் எளிய வழி, இரண்டு படம் எடுக்கச் சொல்வது. முதலில் எல்லாரும் நிற்கும் படம். அடுத்து, "இப்ப நான் எடுக்கிறேன், இதைப் போட்டுக்குங்க" என்று சொல்லி வெளியே வந்து நீங்களே ஒன்று எடுத்துக் கொடுங்கள். போடுவதற்கென்று ஒரு நல்ல படம் கையில் கிடைத்துவிட்டால் மற்றதைப் போட யாரும் மெனக்கெடுவதில்லை. எடுக்கும்போது எல்லாரும் கண் திறந்திருக்கும் வரை நாலைந்து முறை அழுத்துங்கள். உங்கள் படம் சுமாராக இருந்தால் அவர்கள் முதல் படத்தைத்தான் தேடுவார்கள்.

யாராவது திடீரென்று போனை உயர்த்தினால் கையால் முகத்தை மறைக்க வேண்டாம். அது படத்தில் பதிந்து, அதையே சிரிப்புக்காகப் போடுவார்கள். தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது பேசத் தொடங்கினால் போதும்.

படி 4: இருந்தும் போட்டுவிட்டால்

கமெண்டில் எழுதாதீர்கள், போட்டவருக்குத் தனியாக எழுதுங்கள். எந்தப் படம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: "நீங்க போட்டதுல மூணாவது படத்துல நான் இருக்கேன், அதை மட்டும் எடுத்துட முடியுமா? மத்ததெல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு." மொத்தப் பதிவையும் நீக்கச் சொன்னால் தயங்குவார்கள், ஒரு படம் என்றால் தயக்கம் குறைவு. சீக்கிரம் எழுதுவது நல்லது, லைக்குகள் ஏறிய பின் எடுக்க மனம் வராது.

டேக்கை நீக்கினால் படமும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. உங்கள் பெயரோடு இருந்த இணைப்புதான் அறுகிறது, படம் அங்கேயே இருக்கும். இன்ஸ்டாகிராமில் டேக் அமைப்பில் Manually approve tags என்பதை முன்பே இயக்கி வைத்தால், உங்களை டேக் செய்த படம் நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் பக்கத்தில் தோன்றாது. ஆனால் போட்டவரின் பக்கத்தில் அது இருக்கத்தான் செய்யும். அதனால்தான் அமைப்பை விட, ஆளிடம் பேசுவதே பயன் தரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

விழாவுக்கே வர முடியாது என்றால்

ஏற்பாட்டாளரிடம் சீக்கிரம் சொல்லுங்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்குக் கணக்கு வேண்டும். "பார்க்கலாம்" என்று இழுத்துவிட்டுக் கடைசி நாளில் சொல்வதுதான் அவரை நோகடிக்கும். "அன்னைக்கு என்னால வர முடியாது. வாழ்த்து வீடியோ ஏதாவது சேர்க்கிறீங்கன்னா என் குரலை மட்டும் பதிவு பண்ணி அனுப்புறேன்" என்பது போல ஏதாவது ஒன்றை நீங்களே முன்வைக்கலாம்.

அதோடு ரகசியத்தையும் காக்க வேண்டும். பிறந்தநாள் என்றால் அன்று காலை விழா நாயகருக்கு வழக்கம்போல வாழ்த்துச் சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் எல்லாரும் ஒரே நாளில் மௌனமாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். "சாயங்காலம் என்ன பண்றீங்க?" என்று அவரே கேட்டால், உங்களுக்கு உண்மையில் இருக்கும் வேலையைச் சொல்லுங்கள். நீங்கள் வரப்போவதில்லையே, பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.