பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்: ஊழியர் தன்னார்வப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் சமூகப் பணிகளில், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல் தயாரிப்பதை நான் முதலிடத்தில் வைப்பேன். மேசையில் அமர்ந்தபடியே செய்யலாம், வாரம் இரண்டு மணி நேரம் போதும். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. ஒரு சனிக்கிழமை எல்லோரையும் கூட்டி, ஆளுக்கோர் அத்தியாயம் கொடுத்து, கைப்பேசியில் வாசித்துப் பதிவுசெய்யச் சொல்கிறார்கள்.

கவிதைக்கும் கதைக்கும் மனிதக் குரல் அழகுதான். பாடநூலுக்கு அது போதாது. ஒலிப்பதிவில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒரு பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அதிலிருந்து தெரியாது. தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு வரையறையை மட்டும் திரும்பப் படிக்க வேண்டுமானால், ஒலிக்கோப்பை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே பாடம் யூனிகோடு என்ற பொதுவான கணினி எழுத்துமுறையில் இருந்தால் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் அதைப் படித்துக்காட்டும். வேகத்தைக் கூட்டலாம், ஓர் எழுத்தில் நின்று கேட்கலாம், பிரெய்லில் அச்சிடவும் முடியும். கணினி வசதி இல்லாத மாணவருக்கு ஒலிப்பதிவே வழி என்பதும் உண்மை. எனவே எது தேவை என்பதை மாணவரிடமோ சிறப்புப் பள்ளி ஆசிரியரிடமோ முதலில் கேளுங்கள்.

அடுத்த தவறு, கணினித் திரையில் தமிழ் தெரிந்தாலே போதும் என்று எண்ணுவது. ஸ்கேனரில் வருடிய பக்கம் வெறும் படம், திரைவாசிப்பான் அதில் ஒன்றையும் படிக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வராவிட்டால் அது உதவாது, யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

படத்திலிருந்து எழுத்தை மென்பொருள் பிரித்தெடுத்துத் தரும். அதன் பிறகுதான் ஊழியர்களின் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு 200 பக்கப் பொருளியல் நூலை எடுத்துக்கொள்வோம். இருபது பேருக்கு ஆளுக்குப் பத்துப் பக்கம். துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் வடிவம் ஒன்றுபோல இருப்பதால் ‘காரணம்’ என்பது ‘கரரணம்’ ஆகிவிடும். நம் கண் அதைத் தானாகத் திருத்திப் படித்துக்கொண்டு நகர்ந்துவிடும். ‘பௌதிகம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் விழுந்து ‘பெளதிகம்’ ஆகியிருந்தால் பார்த்துக் கண்டுபிடிப்பதே கடினம், காதில் விழுந்தால் உடனே தெரிந்துவிடும். அதனால் ஒருவர் அச்சுப் பக்கத்துடன் ஒப்பிட்டுத் திருத்த, இன்னொருவர் அதே பக்கங்களை என்விடிஏவில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கட்டத்தை விட்டுவிடுகிற குழுக்களே அதிகம்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. வேர்டில் உள்ள தலைப்புப் பாணியைப் பயன்படுத்தினால்தான் மாணவர் ஒரே விசையில் அடுத்த பாடத்துக்குத் தாவ முடியும். அச்சு நூலின் பக்க எண்களையும் விட்டுவிடாதீர்கள். வகுப்பில் ஆசிரியர் “நாற்பத்திரண்டாம் பக்கம்” என்பார்.

இனி, அதே பொருளியல் நூலில் தேவைக் கோட்டின் படம் வருகிறது. அந்த இடத்தில் ‘படம் 3.2’ என்று மட்டும் எழுதினால் பாடத்தின் பாதி போய்விடும். ‘வரைபடம் மிகத் தெளிவாக உள்ளது’ என்ற வகை வருணனையும் பயனற்றது. இப்படி எழுதலாம்: “செங்குத்து அச்சில் விலை, கிடைமட்ட அச்சில் தேவைப்படும் அளவு. விலை 10 ரூபாயாக இருக்கும்போது அளவு 20. விலை 5 ரூபாயாகக் குறையும்போது அளவு 40. கோடு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழ்நோக்கிச் சரிகிறது.” அச்சுகள், புள்ளிகள், கோட்டின் போக்கு என்ற இந்த வரிசை மாறாமல் இருந்தால் மாணவர் மனத்தில் படத்தை வரைந்துகொள்வார். பொருளியல் படித்த ஊழியர் ஒருவரிடம் இதைக் கொடுங்கள்.

காலமும் முக்கியம். தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. நூல் பட்டியலை ஏப்ரலிலேயே வாங்கி, 2016இல் தொடங்கப்பட்ட ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற, பார்வையற்றோருக்கான இணைய நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஜனவரியில் முடியும் பாடநூல் அந்த ஆண்டு மாணவருக்குப் பெரிதாக உதவாது.

சட்டம் பற்றி இரண்டு சொற்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் நூல்களை லாப நோக்கின்றி உருவாக்க இடம் தருகிறது. அந்தக் கோப்பை நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லோருக்குமாக ஏற்றுவதை அது அனுமதிக்கவில்லை. மாணவரிடமோ, அவருக்காக இயங்கும் நூலகத்திடமோதான் தர வேண்டும். இன்னொன்று கணக்குப் பிரிவினருக்கு: ஊழியர்கள் செலவிட்ட நேரத்துக்குப் பணமதிப்புப் போட்டு, கம்பெனிகள் சட்டம் கோரும் இரண்டு சதவீதச் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்க்க முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.