பொசஷன் கேள்வியில ஓனரைத் தேடாதீங்க

ஜூரிஸ்ப்ருடன்ஸ் எம்சிக்யூல பொசஷன் வந்தா, ஓனர் யாருங்கறதை ஒதுக்கி வச்சுட்டு, பொருள் இப்ப யார் கையில இருக்கு, யாருக்காக வச்சிருக்கார்னு பாருங்க. வாட்சை ரிப்பேருக்கு கொடுத்திருக்கீங்கன்னா பொருளை நேரடியா கையில வச்சிருக்கற கடைக்காரருக்கு இமீடியட் பொசஷன், அவர் மூலமா உங்களுக்கு மீடியேட் பொசஷன், ஓனர்ஷிப்பும் உங்களோடதுதான். அதே வாட்சை ஒருத்தன் திருடிட்டா அவனுக்கும் பொசஷன் உண்டு (திருடனுக்கு எப்படிங்கன்னு நிறைய பேர் இங்கதான் தப்பா டிக் பண்றாங்க), ஏன்னா கார்பஸ், அனிமஸ், அதாவது பொருள் கைவசம் இருக்கறதும் தனக்குன்னு வச்சுக்கற எண்ணமும் ரெண்டுமே அவன்கிட்ட இருக்கு, ஆனா உங்க சார்பா அவன் வச்சிருக்கலைங்கறதால உங்களுக்கு மீடியேட் பொசஷன் கிடையாது, ஓனர்ஷிப் மட்டும்தான் மிச்சம். காப்புரிமை, வழி உரிமைன்னு தொட முடியாத உரிமையா கேட்டா அது இன்கார்ப்போரியல் பொசஷன்.